பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு: ரெஸ்யூமே எப்படி பிடிஎஃப் ஆகிறது?

ஒரே ரெஸ்யூமே இரண்டு பிடிஎஃப் கோப்புகளாக இருக்கிறது. இரண்டையும் அருகருகே திறந்து வைத்தால் அதே பெயர், அதே தலைப்புகள், அதே வரிசை. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் மவுஸை வரிகளின் மேல் அழுத்தி இழுத்துப் பார்த்தால், முதல் கோப்பில் எழுத்துகள் நீலமாகத் தேர்வாகின்றன. இரண்டாவதில் ஒன்றும் நடப்பதில்லை; நடந்தாலும் பக்கம் முழுவதையும் சுற்றி ஒரு கட்டம்தான் விழுகிறது. முதலாவது எழுத்து. இரண்டாவது எழுத்தின் புகைப்படம்.

நேர்முகத் தேர்வில் தாளாகக் கொடுப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். இணையத்தில் விண்ணப்பிக்கும்போதுதான் கதை மாறுகிறது. பல நிறுவனங்களும் வேலைவாய்ப்புத் தளங்களும் வரும் ரெஸ்யூமேயை முதலில் ஒரு மென்பொருளிடம் கொடுக்கின்றன. பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், படிப்பு, பணி அனுபவம் எல்லாவற்றையும் கோப்பிலிருந்து எடுத்து அந்தந்தக் கட்டங்களில் நிரப்புவது அதன் வேலை. பிறகு பணியமர்த்தும் அதிகாரி ‘டேலி’, ‘ஜிஎஸ்டி’ என்று தட்டித் தேடும்போது, அந்தச் சொற்கள் உள்ள ரெஸ்யூமேக்கள் மட்டும் பட்டியலில் வரும். படமாக வந்த கோப்பிலிருந்து எடுக்க எழுத்தே இல்லை. படத்திலிருந்து எழுத்தைக் கண்டறியும் வசதி எல்லா மென்பொருளிலும் இருப்பதில்லை. இருந்தாலும் பிழையில்லாமல் வருவதில்லை.

ஒரு கோப்பு எழுத்தாகுமா படமாகுமா என்பது, அதைப் பிடிஎஃப் ஆக்க எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. அதைப் புரிந்துகொள்ள பிடிஎஃப் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன?

அடோபி நிறுவனம் பிடிஎஃப் வடிவத்தை 1993-இல் வெளியிட்டது. 2008-இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதனால் பக்கத்தை வரைவதற்கான கட்டளைகளாகவே பிடிஎஃப் எழுதப்படுகிறது: இந்த இடத்தில் இந்த ஃபான்டின் இந்த வடிவத்தைப் போடு, அதற்குப் பக்கத்தில் அடுத்ததைப் போடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்.

நல்ல பிடிஎஃப்பில் இந்த வடிவங்களோடு இன்னும் இரண்டு சங்கதிகள் சேர்ந்திருக்கும். எந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை ஒன்று. நகலெடுப்பதும் தேடுவதும் அந்த அட்டவணையை நம்பித்தான் நடக்கின்றன. மற்றொன்று இணைப்பு. பக்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகமாக அது விரிந்திருக்கும். அதைச் சொடுக்கினால் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பது அதற்குள் எழுதப்பட்டிருக்கும். அடியில் நீல நிறத்தில் கோடிட்டுத் தெரியும் எழுத்துக்கும் அந்தச் செவ்வகத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நீலக் கோடு அப்படியே இருக்க, செவ்வகம் மட்டும் காணாமல் போகலாம்.

வடிவம், எழுத்து, இணைப்பு என்ற மூன்றும் தனித்தனியாக இருப்பதால் தனித்தனியாகவே கெடுகின்றன. எழுத்தோ இணைப்போ கெட்டாலும் பக்கத்தின் தோற்றம் மாறாது. கோப்பைத் திறந்து பார்த்து ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று அனுப்பிவிடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

பிரிண்ட் கொடுத்தால் போதாதா?

கோவையில் கணக்காளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பி.காம் பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். ரெஸ்யூமேயை வேர்டில் தட்டச்சு செய்திருக்கிறார். மேலே பெயர், மின்னஞ்சல், லிங்க்ட்இன் பக்கத்தின் இணைப்பு. கீழே கூகுள் டிரைவில் வைத்திருக்கும் டேலி சான்றிதழுக்கு இன்னோர் இணைப்பு. இதைப் பிடிஎஃப் ஆக்க அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, தாளில் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்வது. பிரௌசிங் சென்டரில் தட்டச்சு செய்து வாங்குபவர்களுக்குக் கையெழுத்திட்ட தாள்தான் கையில் கிடைக்கிறது. அதைக் கைப்பேசியின் ஸ்கேன் செயலியில் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கிவிடுகிறார்கள். ஏ4 தாளை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் கிடைப்பது 2480-க்கு 3508 புள்ளிகள் கொண்ட ஒரு படம். எழுத்து அட்டவணையும் போயிற்று, இணைப்பும் போயிற்று. கோப்பும் கனத்துவிடுகிறது. அளவு அதிகம் என்று தளம் ஏற்க மறுத்தால் படத்தைச் சுருக்க வேண்டியிருக்கும். சுருக்கச் சுருக்க எழுத்தின் விளிம்புகள் கலங்கிப்போகும்.

இரண்டாவது வழி, விண்டோஸில் பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் `Microsoft Print to PDF` என்பதைத் தேர்ந்தெடுப்பது. பலருக்குப் பழகிய வழி இது. எழுத்து பெரும்பாலும் எழுத்தாகவே வந்துவிடும். ஆனால் இணைப்புகள் வராது. காரணம் எளிது: வேர்ட் இங்கே பிடிஎஃப் தயாரிப்பதில்லை, ஒரு பிரிண்டருக்குப் பக்கத்தை அனுப்புகிறது. தாளில் எதையும் சொடுக்க முடியாது என்பதால் பிரிண்டருக்கு வரைய வேண்டியவை மட்டுமே போகின்றன. நீல நிறமும் அடிக்கோடும் போய்ச் சேர்கின்றன, முகவரி வழியிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது வழிதான் சரியானது: வேர்டே பிடிஎஃப்பை எழுதுமாறு செய்வது. விண்டோஸில் `File > Save As` போய், கோப்பு வகையில் `PDF` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேக் கணினியில் இதே இடத்தில் இரண்டு தெரிவுகள் வரும். `Best for printing` என்பதை எடுத்தால் இணைப்புகள் விடுபட்டுவிடும். `Best for electronic distribution and accessibility` என்பதையே எடுக்க வேண்டும். கூகுள் டாக்ஸில் `File > Download > PDF Document`, லிப்ரெஆபீஸில் `File > Export As > Export as PDF`. கைப்பேசியில் கூகுள் டாக்ஸ் செயலி வைத்திருப்பவர்கள் `Share & export` பகுதியிலிருந்து பிடிஎஃப் நகலை அனுப்பலாம்.

அழகான வார்ப்புருக்களுக்காக கேன்வாவில் ரெஸ்யூமே செய்பவர்கள் பதிவிறக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே `Flatten PDF` என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் பக்கத்தில் உள்ள அனைத்தும் ஒரே படமாகிவிடும். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது அது உதவலாம், ரெஸ்யூமேக்கு வேண்டாம்.

ஃபான்ட் எங்கே மாறுகிறது?

ஃபான்ட் உட்பொதிக்கப்பட்ட பிடிஎஃப், கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு பயணம் போவது போல. போகும் கணினியில் அந்த ஃபான்ட் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. தேவையான எழுத்து வடிவங்கள் கோப்புக்குள்ளேயே இருக்கும். ஃபான்ட் முழுவதும்கூட அல்ல, ரெஸ்யூமேயில் பயன்பட்ட எழுத்துகள் மட்டும் பொதிந்தால் போதும். வேர்ட், கூகுள் டாக்ஸ், லிப்ரெஆபீஸ் மூன்றும் சாதாரணமாக இதைத் தாமாகவே செய்துவிடுகின்றன.

அப்படியானால் வீட்டில் ஒரே பக்கத்தில் அடங்கிய ரெஸ்யூமே, சென்டரில் பிடிஎஃப் ஆக்கியதும் ஏன் இரண்டாம் பக்கத்துக்கு வழிகிறது? ஃபான்ட் பிடிஎஃப் ஆகும்போது மாறவில்லை, அதற்கு முன்பே மாறிவிட்டது. வேர்ட் கோப்பை பென் டிரைவில் எடுத்துப்போய் வேறொரு கணினியில் திறந்ததும், அந்தக் கணினியில் அதே ஃபான்ட் இல்லையென்றால் வேர்ட் வேறொன்றை வைத்துக் காட்டும். ஆனால் மேலே உள்ள ஃபான்ட் பெயர்ப் பெட்டியில் பழைய பெயரே தெரியும். அதனால் மாற்றம் நடந்ததே பலருக்குத் தெரிவதில்லை. எழுத்தின் அகலம் கொஞ்சம் கூடினாலும் வரிகள் உடையும். வரிகள் உடைந்தால் பக்கம் வழியும். ஆகவே ரெஸ்யூமேயை உருவாக்கிய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்குவது நல்லது. கணினி மாற வேண்டியிருந்தால் பிடிஎஃப்பை எடுத்துச் செல்ல வேண்டும்.

உண்மையில் எந்த ஃபான்ட் உள்ளே போயிருக்கிறது என்று அடோபி ரீடரில் பார்க்கலாம். `Ctrl+D` அழுத்தினால் வரும் பெட்டியில் `Fonts` என்ற பகுதி இருக்கிறது. ஒவ்வொரு ஃபான்ட் பெயருக்குப் பக்கத்திலும் `Embedded Subset` என்றோ `Embedded` என்றோ இருந்தால் அது கோப்போடு பயணப்படும். கேலிப்ரி என்று நினைத்திருந்த இடத்தில் வேறு பெயர் தெரிந்தால், அதுதான் பிடிபட்ட இடம். இந்தப் பட்டியலில் எதுவுமே இல்லையென்றால் அந்தப் பிடிஎஃப்பில் எழுத்து இல்லை, வெறும் படம்தான் என்று பொருள்.

இலவசமாகக் கிடைத்த அலங்கார ஃபான்ட்களில் வேறொரு சிக்கல் உண்டு. ஃபான்டை உருவாக்கியவர் அதைப் பிறர் கோப்புகளில் பொதியக் கூடாது என்று ஃபான்டுக்குள்ளேயே குறித்து வைத்திருக்கலாம். வேர்ட் அந்தத் தடையை மதிக்கும். பிடிஎஃப்பாகச் சேமிக்கும் இடத்தில் `Options` பொத்தானை அழுத்தினால் `Bitmap text when fonts may not be embedded` என்று ஒரு வரி தெரியும். அது டிக் செய்யப்பட்டிருந்தால், பொதிய முடியாத ஃபான்டில் உள்ள வரிகளை மட்டும் வேர்ட் படமாக்கிவிடும். ரெஸ்யூமே முழுவதும் எழுத்தாக இருக்க, அலங்கார ஃபான்டில் எழுதிய பெயர் மட்டும் படமாகிவிடும் விபரீதம் இப்படித்தான் நேர்கிறது. டிக்கை எடுத்துவிட்டாலும் தீராது. ஃபான்ட் பொதியப்படாமல் போய், பெறுபவரின் திரையில் வேறு வடிவத்தில் தெரியும். அந்த ஃபான்டைக் கைவிட்டு ஏரியல், கேலிப்ரி போன்ற ஒன்றுக்கு மாறுவதே தீர்வு.

எழுத்தாக இருந்தும் தவறான எழுத்து

தேர்வாகிறது, நகலெடுக்கவும் முடிகிறது. ஆனால் ஒட்டினால் வேறு எழுத்து வருகிறது. எளிதில் கண்ணில் படாத கோளாறு இது. நம் கணக்காளர் தம் பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டியபோது இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்:

```
Experience in taxaƟon and GST reconciliaƟon
```

திரையில் அவர் பார்த்ததோ `taxation`, `reconciliation`. கேலிப்ரி போன்ற ஃபான்ட்களில் `t`, `i` இரண்டும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக வரையும் கூட்டெழுத்து உண்டு. பிடிஎஃப் எழுதும் மென்பொருள் அந்தக் கூட்டு வடிவம் எந்த இரண்டு எழுத்துகளைக் குறிக்கிறது என்று அட்டவணையில் சரியாகக் குறிக்காவிட்டால், நகலெடுக்கும்போது சம்பந்தமில்லாத ஓர் எழுத்து வந்து உட்காரும். பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் `taxation` என்று தேடுபவருக்கு இந்த ரெஸ்யூமே கிடைக்காது. பிரிண்டர் வழியாக ஆக்கிய பிடிஎஃப்களில் இந்தக் கோளாறு வரக்கூடும்.

தீர்வு கடினமில்லை. வேர்டில் `Ctrl+A` அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, `Ctrl+D` அழுத்தி வரும் பெட்டியில் `Advanced` பகுதிக்குப் போய், `Ligatures` என்பதை `None` ஆக்க வேண்டும். பிறகு `Save As` வழியில் மீண்டும் பிடிஎஃப் ஆக்கி, அதே வரியை மறுபடி ஒட்டிப் பார்க்க வேண்டும்.

தமிழில் ரெஸ்யூமே எழுதுபவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் நெருக்கமானது. ‘தொழில்’ என்ற சொல்லில் ‘தொ’ என்பது யூனிகோடில் முதலில் ‘த’, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. பக்கத்தில் வரையும்போதோ ஒற்றைக்கொம்பு முதலில், ‘த’ நடுவில், கால் கடைசியில். வரைந்த வரிசையையே பிடிஎஃப் எழுத்து வரிசையாகவும் வைத்துக்கொண்டால், நகலெடுத்து ஒட்டும்போது கொம்பு சொல்லின் முன்னால் தனியே நிற்கும்: ‘ெதாழில்’. தேடும் கணினிக்கு இது ‘தொழில்’ அல்ல.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் நிலைமை இதைவிட மோசம். அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. திரையில் ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள் உண்மையில் `mk;kh`. எவ்வளவு நல்ல வழியில் பிடிஎஃப் ஆக்கினாலும் நகலெடுத்தால் அதுதான் வரும். டிடிபி சென்டரில் தமிழ் ரெஸ்யூமே தட்டச்சு செய்யக் கொடுக்கும்போது யூனிகோடில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் மூன்றையும் ஆங்கிலத்திலும் ஒருமுறை எழுதி வைத்தால், தமிழ் வரிகள் குலைந்தாலும் தொடர்பு அறுந்துபோகாது.

இணைப்பைச் சோதிப்பதில் ஒரு கண்ணி

பிடிஎஃப்பைத் திறந்து, மின்னஞ்சல் முகவரியையோ இணைய முகவரியையோ சொடுக்கிப் பார்த்தால் வேலை செய்கிறது. ஆனால் அந்தக் கோப்பில் இணைப்பு இருக்கிறது என்பதற்கு இது ஆதாரமில்லை. அடோபி ரீடரும் குரோமும் பக்கத்தில் முகவரி போலத் தெரியும் எழுத்தைக் கண்டால் தாமாகவே அதைச் சொடுக்கக்கூடியதாக்கிவிடும். வேறொரு செயலியில் திறந்தால் அதே முகவரி செத்துக் கிடக்கலாம்.

சரியான சோதனை, முகவரி வெளியே தெரியாத இணைப்பில்தான். நம் கணக்காளரின் ரெஸ்யூமேயில் `Tally certificate` என்ற சொற்களுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார் அல்லவா, அதைச் சொடுக்க வேண்டும். அது திறந்தால் செவ்வகம் உள்ளே இருக்கிறது. திறக்கவில்லையென்றால் பிரிண்டர் வழியில் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

திறந்தாலும் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மவுஸை மேலே வைத்தால் முகவரி தெரியும். அது `file:///C:/Users/` என்று தொடங்கினால், இணைப்பு அவருடைய சொந்தக் கணினியைத்தான் காட்டுகிறது. வேர்டில் `Ctrl+K` அழுத்தி முகவரியைப் போடும்போது முன்னால் `https://` சேர்க்காமல் விட்டால், சில வேளை வேர்ட் அதைக் கணினிக்குள் இருக்கும் கோப்பு என்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. முழு முகவரியை உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் இந்தக் குழப்பம் வராது. மின்னஞ்சலுக்கு முன்னால் `mailto:`, தொலைபேசி எண்ணுக்கு முன்னால் `tel:+91` என்று கொடுத்தால் கைப்பேசியில் தொட்டதும் எழுதவோ அழைக்கவோ முடியும்.

டிரைவ் இணைப்பில் இன்னொரு தடையும் உண்டு. கோப்பின் பகிர்வு `Restricted` என்று இருந்தால் உரிமையாளருக்கு மட்டும் திறக்கும், அதிகாரியிடம் அனுமதி கேட்டு நிற்கும். `Anyone with the link` என்று மாற்றிவிட்டு, உலாவியின் இன்காக்னிடோ ஜன்னலில் இணைப்பை ஒட்டிப் பார்த்தால் மற்றவர் என்ன பார்ப்பார் என்பது தெரிந்துவிடும். இப்படித் திறந்துவிடும் கோப்பில் ஆதார் எண் போன்றவை இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அனுப்பும் முன்

பிடிஎஃப்பைத் திறந்து `Ctrl+A`, `Ctrl+C` அழுத்தி, நோட்பேடில் ஒட்டினால் பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும். ஒன்றும் ஒட்டவில்லையென்றால் அது படம். விசித்திர எழுத்துகள் வந்தால் கூட்டெழுத்தோ பழைய ஃபான்டோ காரணம். பெயர் மட்டும் காணவில்லையென்றால் அந்த அலங்கார ஃபான்டைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பத்திகளாக அமைத்த ரெஸ்யூமேயில் இடப்பக்கத்துத் திறன்களும் வலப்பக்கத்துப் பணி அனுபவமும் வரிக்கு வரி கலந்து வந்தால், மென்பொருளும் அப்படிக் கலந்து படிக்க வாய்ப்பு அதிகம். ஒரே பத்தியாக மாற்றிவிடுவது நல்லது. தொலைபேசி எண்ணுக்கு முன்னால் சின்னப் படம் மட்டும் போட்டிருந்தால் நோட்பேடில் அது வராது. `Phone` என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மூல வேர்ட் கோப்பு தொலைந்துபோய், ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் கையில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அதை கூகுள் டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கி `Open with > Google Docs` கொடுத்தால், படத்திலிருந்து எழுத்துகள் எடுக்கப்பட்டு திருத்தக்கூடிய ஆவணமாக வரும். தமிழையும் அது படிக்கும். பக்க அமைப்பு குலைந்துதான் வரும், பிழைகளும் இருக்கும்; 0, O இரண்டும் இடம் மாறுவது சகஜம். தொலைபேசி எண்ணையும் மதிப்பெண்களையும் ஆண்டுகளையும் பழைய தாளோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுத் திருத்திவிட்டு, இணைப்புகளைப் புதிதாகக் கொடுத்து, `File > Download > PDF Document` வழியாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பையும் நோட்பேட் சோதனைக்கு உட்படுத்திவிட்டே தளத்தில் ஏற்ற வேண்டும்.